இரு மொழி உரையும் இரண்டாகப் பிரிந்த வாதமும்

சென்ற ஆண்டு தில்லியில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையும் அங்குப் பயிலும் தமிழ் மாணவர்களும் இணைந்து நடத்திய கூட்டத்தில், உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி 40 நிமிடம் உரையாற்றினேன். அவையில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழறியாதவர்கள். ஆகவே தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வருமாறு உரையை எழுதிக்கொண்டு போயிருந்தேன். உரை முடிந்ததும் முதல் கேள்வி ஆங்கிலத்தில் வந்தது: பத்தாம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் தேர்தல் நடந்தது என்பதுதானே தங்கள் முடிவு? அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்டவர் ஒரு முதியவர்: ‘ஐயா, சீட்டுக் குலுக்கிப் போட்டதைத்தான் இவ்வளவு காலமும் பெருமையாகப் பேசிவந்தோமா?’

ஓர் உரையிலிருந்து இரண்டு முடிவுகள் வெளியேறியிருந்தன. இருவர்மீதும் பிழையில்லை. அறைக்குத் திரும்பி எழுத்துப்படியைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. ஆங்கிலப் பகுதிகளில் ‘எலெக்‌ஷன்’ என்று பதினொரு இடங்களில் எழுதியிருந்தேன். தமிழ்ப் பகுதிகளில் எங்கும் ‘குடவோலை’தான், ‘தேர்தல்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சொல்லப்போனால் நான் எழுதியது ஓர் உரையன்று, பின்னிக் கிடந்த இரண்டு உரைகள்.

கல்வெட்டு கூறும் முறையைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 அளவில், உத்திரமேரூர்ச் சபை செய்த ஏற்பாடு அது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலை அவையறிய வாசிக்கப்பட்டது. இவ்வாறு தெரியப்பட்டவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவை அமைந்தன. தகுதி என்பது சிறிய சொல்லன்று. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி, இரண்டாம் கல்வெட்டின்படி 35 முதல் 70 வரையிலான வயது ஆகிய அனைத்தும் வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம் என்பதையும் மறக்கலாகாது.

என் உரையில் இந்தத் தகுதிப் பட்டியல் முழுவதும் தமிழில் மட்டுமே இருந்தது! தமிழறியாத மாணவர் குடத்தையும் ஓலையையும் சிறுவனையும் கேட்டார். நிலத்தையும் வேதத்தையும் கேட்கவில்லை. அவர் மனத்தில் அது பொதுத்தேர்தலாக விரிந்ததில் வியப்பென்ன? தமிழறிந்தவருக்கோ எல்லாம் கிடைத்தது. ஆனால் மக்களாட்சி வரலாற்றில் சீட்டெடுப்பின் இடம் என்ன என்று ஆங்கிலத்தில் நான் பேசிய பகுதி அவரை எட்டவில்லை. பழைய ஏதென்ஸ் நகரில் பல அலுவலர்கள் சீட்டின் மூலமே தெரியப்பட்டனர் என்பதை அறிந்திருந்தால், சீட்டு என்றதும் அவர் அத்துணை ஏமாந்திருக்க மாட்டார்.

இத்தகைய உரைக்கு நம் கல்விச்சூழலில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு பத்தியையும் இருமுறை சொல்வது. அதில் 40 நிமிடம் 20 ஆகிறது; எந்நேரமும் அவையில் பாதி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, வணக்கமும் மேற்கோளும் நகைச்சுவையும் தமிழில், வாதம் ஆங்கிலத்தில். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். தமிழை மாலையாகப் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் சிந்திப்பதை இருமொழி உரை என்று அழைப்பதற்கில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ் மாணவர் அதிலிருந்து கற்கும் பாடம், தம் மொழியில் வாதிட இயலாது என்பதே.

அண்மையில் அதே உரையை வேறோர் அவைக்காக மீண்டும் எழுதினேன். இம்முறை முதலில் எழுதியது உரையையன்று. மையக் கூற்றை மட்டும் இரு மொழியிலும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதி அருகருகே வைத்தேன். தமிழில்: ‘சொத்தும் கல்வியும் உடைய சிலருக்குள் சீட்டெடுத்து ஆள் தெரிந்த முறை இது, இதில் வாக்களிப்பு இல்லை.’ ஆங்கில வாக்கியமும் இதே அளவினதாக, இதே மறுப்புடன் இருக்கவேண்டும். இந்த இணையை அமைக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. ‘எலெக்‌ஷன்’ என்பது வாக்களிப்பைக் கொண்டுவந்துவிடுகிறது. தமிழில் ‘திருவுளச்சீட்டு’ என எழுதினால் தெய்வத்தின் சித்தம் உள்ளே நுழைகிறது. ஆகவே இரு மொழியிலும் சொல்லைத் தேடுவதை விட்டு, செயலை விளக்கும் தொடரைக் கையாண்டேன்.

அதன்பின் பகுதிகளைப் பிரித்தேன். இரு சாராரும் அறியாதவை ஒன்றல்ல என்பது இங்கே உதவியது. ‘குடும்பு’ என்றதும் தமிழர் செவியில் ‘குடும்பம்’ ஒலிக்கும். அது ஊரின் ஒரு பிரிவு என்று அவருக்கு நின்று விளக்கவேண்டும். மற்றவருக்கு அந்தக் குழப்பமே இல்லை. ‘வார்டு’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். கல்வெட்டுச் சொற்களிலிருந்து எழும் வாதத்தைத் தமிழில் நடத்தி, அதன் முடிவை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொல்லி, அங்கிருந்து அடுத்த வாதத்தை ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஏதென்ஸ் ஒப்பீடு முடிந்ததும் அதன் சாரம் தமிழில் ஒரு வாக்கியம். அதுவே அடுத்த தமிழ்ப் பகுதியின் முதல் வாக்கியம். நான் தமிழில் பேசும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. அதை வாசிக்கச் சில நொடிகள் மௌனமாக இருந்த பின்னரே பேசத் தொடங்கினேன். ஒரு மொழியைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றை வாசிப்பது எவருக்கும் எளிதன்று.

எழுதி முடித்ததும் தமிழ் முழுவதையும் அடித்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். யார் யார் குடத்துக்குள் வரமுடியாது என்று கேட்டேன்; அவரால் சொல்ல முடிந்தது. பின்னர் மறுதலையாக ஆங்கிலத்தை அடித்துவிட்டு இன்னொருவருக்கு.

இத்தேர்வு பிடிக்காத ஒரு குறையும் உண்டு. தில்லி அவைகளில் மூன்றாவது சாரார் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். வீட்டுத்தமிழ் தெரியும், மேடைத்தமிழ் பாதி புரியும். ‘இதனைத் தேர்தல் முறையின் தொடக்கமாகக் கருதுவது பொருந்தாது’ என்று சொன்னால் தேர்தல், தொடக்கம் என்ற சொற்கள் அவரைச் சென்றடைகின்றன. இறுதியில் வரும் ‘பொருந்தாது’ பிடிபடாமல் போகலாம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் அமர்வதன் விளைவு இது. அதனால் முக்கியமான மறுப்புகளை முன்னே கொண்டுவந்தேன்: ‘ஒன்றை மறுக்கிறேன். இது தேர்தல் இல்லை.’ நடை சற்றுத் தட்டையாகிறது. ஆகட்டும்.

இறுதியாக நான் திருத்தியது ஒரு சிறு சொல். ஆங்கிலத்தில் ‘வீ’ என்று சொன்னால் அவை முழுவதும் அதில் அடங்கும். தமிழில் ‘நம் முன்னோர்’ என்று நான் எழுதியிருந்த ‘நம்’மில் பாதி அவைக்கு இடமில்லை. இடமிருந்த பாதியிலும் எத்தனை பேரின் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும்? ‘உத்திரமேரூர்ச் சபையார்’ என்று மாற்றிவிட்டேன்.