ஹேண்ட்ஓவர் மெயிலில் விட்டுப்போகும் அந்த ஐந்து பேர்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஹெச்.ஆர். வேலை பார்ப்பவருக்கு அக்டோபர் 31-ம் தேதி கடைசி நாள். அவர் அனுப்பும் ஹேண்ட்ஓவர் மெயிலில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: “கான்ட்ராக்டர் பில் வரும்போது பி.எஃப். சலான் வாங்கிக்கொள்ளவும்.”

தப்பில்லை. ஆனால், புதிதாக வருபவருக்கு இது போதாது.

பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதனால் நவம்பர் முதல் வாரத்தில் அக்டோபர் பில் வரும்போது, அக்டோபர் சலான் இருக்காது. செப்டம்பர் சலானைத்தான் கேட்க வேண்டும். அதில் எந்த மாதச் சம்பளத்துக்கான தொகை என்று பார்க்க வேண்டும். பழைய சலானையே மறுபடி இணைக்கும் ஆட்களும் உண்டு! சலானில் இருக்கும் டி.ஆர்.ஆர்.என். எண்ணை பி.எஃப். இணையதளத்தில் போட்டால், பணம் கட்டப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கான்ட்ராக்டர் ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை என்று பல ஆலைகளுக்கு ஆள் அனுப்புவார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சலான். மொத்தத் தொகையைப் பார்த்தால் உங்கள் ஆட்கள் அதில் இருக்கிறார்களா என்று தெரியாது. பெயர்வாரி பட்டியலான இ.சி.ஆரை வாங்கி, கேட் வருகைப் பதிவோடு ஒப்பிட வேண்டும். செப்டம்பரில் கேட்டுக்குள் வந்தவர்கள் 84 பேர், பட்டியலில் அவர்களில் 79 பேர்தான் என்றால், மீதி ஐந்து பேரின் பணம் எங்கே? கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு ஆலைக்கே வரும். அந்த ஐந்து பேருக்கோ பாஸ்புக்கில் ஒரு மாதமே காணாமல் போயிருக்கும்.

ஆகவே மெயிலில் கான்ட்ராக்டரின் நம்பர் மட்டும் போதாது. இ.சி.ஆர். அனுப்பும் அவருடைய அலுவலக ஆள் யார், எத்தனையாம் தேதி கேட்டால் கிடைக்கும், போன மாதம் எந்தப் பெயர்கள் விடுபட்டன, அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், எந்த பில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வேண்டும். நிறுத்தியதற்குக் காரணம் எழுதாவிட்டால், புது ஆள் முதல் வாரமே பாஸ் செய்துவிடுவார். கான்ட்ராக்டரும் அதற்குத்தான் காத்திருப்பார்.

இன்னொன்று, கம்பெனியின் சொந்த பி.எஃப். கணக்கு. பாஸ்வேர்டை மெயிலில் எழுதக் கூடாது, யாரிடம் இருக்கிறது என்று எழுதினால் போதும். ஆனால், அதில் பதிவான மொபைல் நம்பர் கிளம்புபவருடையதா என்று கட்டாயம் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்ற ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். புது ஆள் 14-ம் தேதி திணறிக்கொண்டிருக்கும்போது, பழையவர் வேறொரு ஆலையில் ஷிஃப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். நம்பர் மாற்றும் வேலையை நோட்டீஸ் பீரியடிலேயே முடித்துவிட்டு, மாற்றிய தேதியை மெயிலில் போடலாம்.