தராசின் எந்தத் தட்டு அசைந்தது?

2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. ஊரடங்கு காரணமாக எம்சிஎக்ஸ் சந்தை மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. கச்சா எண்ணெயின் ஏப்ரல் ஒப்பந்தம் பீப்பாய்க்கு 965 ரூபாயில் நின்றிருந்தது. அன்றிரவு நியூயார்க்கில் மே மாத டபிள்யூடிஐ ஒப்பந்தம் பூஜ்ஜியத்தைத் தாண்டிச் சரிந்து, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த விலையை ஒட்டி எம்சிஎக்ஸ் தன் ஒப்பந்தத்தை மைனஸ் 2,884 ரூபாயில் கணக்கு முடித்தது. ஒரு லாட் 100 பீப்பாய். மாலை 5 மணிக்கு அந்த ஒரு லாட்டின் மொத்த மதிப்பே 96,500 ரூபாய்தான். அதை வாங்கிக் கையில் வைத்திருந்தவர் கட்ட வேண்டியிருந்த நஷ்டமோ 3,84,900 ரூபாய். விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் விற்று வெளியேற அவருக்குச் சந்தையே திறந்திருக்கவில்லை.

அதே இரவில் தங்கம் அவுன்ஸுக்குச் சுமார் 1,690 டாலரில் இருந்தது. ஓர் அவுன்ஸ் தங்கத்தைக் கொடுத்தால் எத்தனை பீப்பாய் கச்சா எண்ணெய் கிடைக்கும் என்பதுதான் தங்கம்-எண்ணெய் விகிதம். அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். இரண்டு பக்கமும் டாலரில் இருப்பதால் வகுக்கும்போது டாலர் கழன்று விழுந்துவிடுகிறது. காகிதப் பணத்தை விட்டுவிட்டு, ஒரு பொருளின் வாங்கும் சக்தியை இன்னொரு பொருளால் அளக்கலாம் என்பதே இந்த விகிதத்தின் கவர்ச்சி.

அன்றைய விகிதம் எவ்வளவு? மே ஒப்பந்தத்தால் வகுத்தால் மைனஸ் 45. தங்கத்தையும் கொடுத்து எண்ணெயையும் கொடுப்பதாக வரும் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அடுத்த மாத, அதாவது ஜூன் ஒப்பந்தம் அன்று 20.43 டாலரில் முடிந்தது. அதைக் கொண்டு பார்த்தால் 83. பிரென்ட் எண்ணெயின் 25.57 டாலரை எடுத்துக்கொண்டால் 66. ஒரே நாள், ஒரே தங்கம், மூன்று விடைகள்.

இந்த வேறுபாட்டின் காரணம் ஓக்லஹோமா மாநிலத்தின் கஷிங் என்ற சிற்றூரில் இருந்தது. டபிள்யூடிஐ ஒப்பந்தத்தை எக்ஸ்பைரி வரை வைத்திருப்பவர் அங்குள்ள தொட்டிகளில் எண்ணெயை உள்ளபடியே பெற்றுக்கொள்ள வேண்டும். கொரோனாவால் எண்ணெய் விற்காமல் தேங்கி, அந்தத் தொட்டிகள் ஒன்று நிரம்பியிருந்தன, அல்லது வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தன. எக்ஸ்பைரிக்கு ஒரு நாள்தான் பாக்கி. ஊற்றி வைக்க இடமில்லாதவர்கள் எண்ணெயோடு பணமும் சேர்த்துக் கொடுத்து ஒப்பந்தத்தைக் கைகழுவினார்கள். கடலோடு தொடர்புள்ள பிரென்ட்டுக்கு அந்த முட்டுச்சந்து இல்லை. கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். ஆக, அன்றைய உச்சத்தில் தங்கத்தின் வலிமையைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. அது சொன்னதெல்லாம் ஓர் ஊரின் தொட்டிகளைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 முடிவில் டபிள்யூடிஐ 75 டாலரைத் தொட்டிருந்தது. தங்கம் 1,830 டாலர் அளவில் இருந்தது. விகிதம் 83-லிருந்து 24-க்கு இறங்கியது. தங்கம் இருபது மாதங்களில் எட்டு சதவீதம்தான் நகர்ந்தது, அதுவும் மேல்நோக்கி. விகிதத்தின் இறக்கம் முழுவதும் எண்ணெய்த் தட்டு செய்த வேலை.

எதிர்ப்பக்க உச்சமும் இப்படித்தான். 2008 ஜூலை 3 அன்று எண்ணெய் 145 டாலரில் முடிந்தது. தங்கம் 930 டாலரை ஒட்டியிருந்தது. ஓர் அவுன்ஸுக்கு ஆறரைப் பீப்பாய்கூடக் கிடைக்காத நாள் அது. தங்கம் மலிந்துவிட்டது, இனி ஏறும் என்று அந்த எண்ணை வாசித்து வாங்கியவருக்கு அந்த ஆண்டு முடியும்வரை பலன் இல்லை. டிசம்பரில் எண்ணெய் 34 டாலருக்கு விழுந்தது, தங்கம் 840 டாலர் அளவில் இருந்தது, விகிதம் 25-க்குத் திரும்பியது. 2016 பிப்ரவரியில் எண்ணெய் 26 டாலருக்கு இறங்கி விகிதம் 47-ஐத் தொட்டபோதும், அதைச் சரிசெய்தது பின்னர் ஏறிய எண்ணெய்தான். இந்த மூன்று முறையும் எல்லை மீறியதும் எண்ணெய், திரும்பி வந்ததும் எண்ணெய்.

ஆனால் தங்கத்தட்டு அசைந்த ஒரு காலமும் உண்டு. அதைத்தான் துறையில் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1960-களில் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. சவூதி எண்ணெயின் அறிவிப்பு விலை 1.80 டாலர். விகிதம் 19-ஐ விட்டு நகரவில்லை. 1971 ஆகஸ்ட் 15-ல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை நிக்சன் அவிழ்த்தார். எண்ணெய் விற்கும் நாடுகளுக்கு அதே டாலர்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் அதைக்கொண்டு வாங்கக்கூடிய தங்கம் மாதாமாதம் சுருங்கியது. 1972 ஜனவரியில் ஜெனீவாவில் எண்ணெய்க் கம்பெனிகள் அறிவிப்பு விலையை 8.49 சதவீதம் கூட்டிக் கொடுத்தன. போதவில்லை. 1973 கோடையில் லண்டனில் தங்கம் 120 டாலரைத் தாண்டியபோது அறிவிப்பு விலை 3 டாலருக்கும் கீழே இருந்தது, விகிதம் 40. அக்டோபரில் போர் மூண்டது. அறிவிப்பு விலை 3.01 டாலரிலிருந்து 5.12-க்கும், 1974 ஜனவரியில் 11.65-க்கும் ஏற்றப்பட்டது. விகிதம் 11 அளவுக்கு வந்தது. அறிவிப்பு விலை என்பது வரி கணக்கிடுவதற்கு வைத்த விலை, சந்தையில் கைமாறிய விலை அல்ல. ஆகவே இந்த எண்களைச் சற்றுத் தளர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் திசையில் சந்தேகமில்லை. இம்முறை முதலில் ஓடியது தங்கம், பின்னால் துரத்திப் பிடித்தது எண்ணெய். துரத்துவதற்கு ஒபெக்கின் கையில் அன்று பலமும் இருந்தது, போர் என்ற தருணமும் வாய்த்தது.

2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. டபிள்யூடிஐ 60 டாலரைச் சுற்றியே இருந்தது. விகிதம் 65-க்கு மேல். ஏப்ரல் 2020-ன் பிரென்ட் கணக்கும் கிட்டத்தட்ட இதே எண்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2025-ல் எந்தத் தொட்டியும் நிரம்பி வழியவில்லை. 2022-ல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்ட பிறகு, மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டும் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்தன. அசைந்தது தங்கத்தட்டு. 2016-ஐயும் 2020-ஐயும் காட்டி, எண்ணெய் ஏறியே தீரும் என்று வாடிக்கையாளருக்கு எழுதித் தரும் ஆய்வுக் குறிப்புகள் பொருந்தாத முன்மாதிரியை எடுத்துக்கொள்கின்றன. பொருத்தமான முன்மாதிரி 1973 ஒன்றுதான். ஒரே ஒரு நிகழ்வை வைத்து விதி எழுத முடியாது. அன்று ஒபெக்குக்கு இருந்த பிடியும் இன்று அதனிடம் இல்லை.

ஆகவே, வரும் இதழிலிருந்து இவ்விதழின் விலைப் பக்கத்தில் விகிதத்தின் கோடு தனியாக வராது. அதன் கீழே தங்கமும் எண்ணெயும் முந்தைய ஓராண்டில் எத்தனை சதவீதம் நகர்ந்தன என்று இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் விலை பிரென்ட்டின் இரண்டாம் மாத ஒப்பந்தத்திலிருந்து எடுக்கப்படும். எக்ஸ்பைரி வார விலை கணக்கில் சேராது.