வெறும் பொம்மைதானே?

பி.எட். படிக்கும்போது உளவியல் வகுப்பில் அந்தக் கறுப்பு-வெள்ளைப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சின்னப் பிள்ளை ஒன்று காற்றடைத்த கோமாளிப் பொம்மையைச் சுத்தியலால் போட்டு வெளுக்கிறது. வகுப்பே சிரித்தது, நானும்தான். பரீட்சையில் 'பார்த்துக் கற்றல், ஆல்பர்ட் பண்டூரா, 1961' என்று எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். பிற்பாடு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தபோதுதான், சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பது தெரிந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 72 பிள்ளைகள். மூன்று வயதைத் தாண்டியவர்கள், ஆறு வயதை எட்டாதவர்கள். 24 பேர் கண்முன்னால் பெரியவர் ஒருவர் 'போபோ' பொம்மையைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, மூக்கில் குத்தி, மரச் சுத்தியலால் மண்டையில் அடித்து, எட்டி உதைத்துக் காட்டினார். இன்னொரு 24 பேர் பார்த்த பெரியவர் பொம்மையைக் கண்டுகொள்ளவே இல்லை. மீதி 24 பேருக்கு யாரையும் காட்டவில்லை.

பாடப்புத்தகம் இங்கிருந்து நேராக முடிவுக்குத் தாவிவிடும். நடுவில் இன்னொரு அறை இருந்தது. தீயணைப்பு வண்டி, ரயில் எஞ்சின், போர் விமானம் என்று ஆசையான பொம்மைகளாக அங்கே பரப்பி வைத்து, எடுத்து விளையாடச் சொன்னார்கள். பிள்ளை விளையாட்டில் ஒன்றிய இரண்டாவது நிமிடத்தில், 'இதெல்லாம் ரொம்ப நல்ல பொம்மைகள், வேறு பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறோம்' என்கிற மாதிரி சொல்லி நிறுத்திவிட்டார்கள். கோபம் வரட்டும் என்று திட்டம் போட்டுச் செய்த காரியம் இது. 72 பேருக்கும் இதேதான்.

அப்புறம்தான் போபோ இருந்த மூன்றாவது அறை. அங்கே இருபது நிமிடம். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டார்கள். அறைக்குள்ளேயே ஆய்வாளர் ஒருவர், வேலை பார்ப்பதுபோல மேசையில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கட்டுரையே சொல்கிறது: ஆள் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் தனியாக இருக்க மறுப்பார்கள், அல்லது பாதியில் வெளியே போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். நாலு வயதுப் பிள்ளை 'எனக்கு இஷ்டமில்லை' என்று வேறு எப்படிச் சொல்லும்? கதவைப் பார்த்துத்தான் நடக்கும். அந்த மறுப்பு அவர்களுக்குச் சரிசெய்ய வேண்டிய ஒரு நிர்வாகச் சிக்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. குழந்தையின் ஒப்புதலையும் கேட்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1983-இல்தான் வந்தது, உண்மைதான். ஆனால் அழப்போகிற முகத்தை அடையாளம் காண விதி எதற்கு?

அடித்ததைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே அடியை, அதே சொல்லோடு திருப்பிச் செய்தார்கள். மற்றவர்களிடம் அப்படிப்பட்ட அடி ஏறக்குறைய இல்லவே இல்லை. முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'அட, வெறும் பொம்மைதானே, பிள்ளைகளுக்கு என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அது வெறும் பொம்மை என்றால், தள்ளினால் எழுந்து நிற்பதற்கென்றே செய்த ஒன்றை அடித்ததை வைத்து மனித வன்முறையைப் பற்றிப் பேசாதீர்கள். இல்லை, அது வன்முறைதான் என்றால், 24 பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போகும்போது அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள், பின்னால் யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது கட்டுரையில் இல்லை.

'பிள்ளைகள் மறந்துவிடும்' என்ற சமாதானத்தை உடைத்தவரும் பண்டூராதான். 1965-இல் 66 பிள்ளைகளுக்குப் படம் காட்டினார். சிலர் பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பரிசு, சிலர் பார்த்ததில் தண்டனை, சிலர் பார்த்ததில் ஒன்றுமில்லை. தண்டனையைப் பார்த்தவர்கள் குறைவாகவே பின்பற்றினார்கள். பிறகு, பார்த்ததைச் செய்துகாட்டினால் பழரசமும் ஒட்டுப்படமும் தருவதாகச் சொன்னதும் அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. கை சும்மா இருந்தாலும் கற்றது உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் 1961-இல் சும்மா நின்ற பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

'இதைச் செய்யாமல் எப்படித் தெரிந்துகொள்வது?' என்பார்கள். பார்த்துக் கற்கிறார்கள் என்று காட்ட அடியே தேவையில்லை. பிள்ளை இதுவரை பார்த்திராத எந்த விசித்திரமான செய்கையும் போதும். தொப்பியைத் தலைகீழாக வைத்துச் சுற்றி நடந்தாலே போதும். வன்முறையைத்தான் ஆராய வேண்டும் என்றால், விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் தாமாகச் சண்டை போடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கலாம். அதில் காரணத்தை இவ்வளவு துல்லியமாகப் பிரித்தெடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் துல்லியத்துக்கான விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் என் பிரச்சினை.

இப்போது நானும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். படத்தைப் போடுவதற்கு முன்னால் அந்த நடு அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் வகுப்பில் சிரிப்புச் சத்தம் அவ்வளவாக வருவதில்லை.