வேலை இல்லை என்பதை எப்படி எழுதுவது?

என் அக்காள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு, ஒரு புத்தகக் கடையில் வார இறுதி விற்பனை உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கும் சென்று வந்தாள். சில நாள்களில் அவளுக்கு இந்த மின்னஞ்சல் வந்தது.

“அன்புள்ள விண்ணப்பதாரரே, எங்கள் கடையின்மீது நீங்கள் காட்டிய ஆர்வத்திற்கு மிக்க நன்றி. உங்கள் திறமையும் உற்சாகமும் எங்களை மிகவும் கவர்ந்தன. இத்தருணத்தில் உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளோம். உங்கள் விவரங்களை எங்கள் பதிவில் வைத்திருப்போம். தகுந்த வாய்ப்பு வரும்போது கட்டாயம் தொடர்புகொள்வோம். மனந்தளராதீர்கள்!”

இதைப் படித்துவிட்டு அவள் மகிழ்ச்சியாகவே இருந்தாள். “இப்போது இல்லை, கொஞ்ச நாளில் கூப்பிடுவார்கள், சித்தி,” என்றாள். வீட்டுக்கு அருகிலிருந்த ரொட்டிக் கடையில் கிடைத்த வேலையையும் மறுத்துவிட்டாள். மூன்று வாரம் காத்திருந்து, பொறுமையிழந்து கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. நேர்காணல் நடந்த வாரத்திலேயே வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். சனி, ஞாயிறு இரண்டு மாலைகளிலும் வரக்கூடியவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். இவளால் ஞாயிறு மட்டுமே வர முடியும்.

அந்த மின்னஞ்சலை எழுதியவர் அவளை ஏமாற்ற நினைத்திருக்கமாட்டார். மனம் நோகக்கூடாது என்றுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அதில் ‘வேலை இல்லை’ என்ற செய்தி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘இத்தருணத்தில்’ என்ற சொல், பிறகு கிடைக்கலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘இயலாத நிலையில் உள்ளோம்’ என்பதோ, யாரோ அவர்களைத் தடுத்ததுபோல் ஒலிக்கிறது. உண்மையில் எவரும் தடுக்கவில்லை. அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். ‘தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று எழுதினால் முடிவெடுத்தவர் யார் என்பதும், முடிவு முடிந்துபோனது என்பதும் ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

‘பதிவில் வைத்திருப்போம்’ என்ற வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. புதிய பணியிடம் வரும்போது பழைய விண்ணப்பங்களை யாராவது எடுத்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டுமே அதை எழுதலாம். மேலும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேவை முடிந்த பிறகு ஒருவரின் தகவல்களை நிறுவனங்கள் வைத்திருக்கக்கூடாது. ஆறுதலுக்காக எழுதும் வரி, கடைக்கு ஒரு பொறுப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

நான் அந்த மின்னஞ்சலைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். முதல் முயற்சியில், “உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. நன்றி.” என்று இரண்டே வாக்கியங்கள் எழுதினேன். தெளிவு இருந்தது. ஆனால், பேருந்தேறி நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அது போதாது. விண்ணப்பத்தோடு நின்றுவிட்ட நூறு பேருக்கு அனுப்புவதானால் அப்படிச் சுருக்கமாக எழுதலாம். நேரில் வந்தவருக்குக் காரணத்தையும் சொல்வதே மரியாதை. பிறகு இவ்வாறு மாற்றினேன்.

“அன்புள்ள (பெயர்), செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கு வந்ததற்கு நன்றி. வார இறுதி விற்பனை உதவியாளர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். சனி, ஞாயிறு இரண்டு மாலைகளிலும் கடையில் இருக்கக்கூடியவர் எங்களுக்குத் தேவை. ஞாயிறு மட்டுமே வர முடியும் என்று நீங்கள் கூறியிருந்தீர்கள். உங்கள் விண்ணப்பத்தை இம்மாத இறுதியில் அழித்துவிடுவோம்.”

இரண்டாவது வாக்கியத்திலேயே முடிவு வந்துவிடுகிறது. காரணம், பணியின் தேவையைப் பற்றியது. அவளுடைய தகுதியைக் குறை கூறவில்லை. ‘மீண்டும் விண்ணப்பிக்கலாம்’ என்றும் முதலில் சேர்த்திருந்தேன், பின்னர் நீக்கிவிட்டேன். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், இந்தக் கடிதத்தில் அதைச் சொன்னால் அழைப்புப்போல் தோன்றும். டிசம்பர் விற்பனைக்கு ஞாயிறு மட்டும் வரக்கூடிய ஆள் உண்மையிலேயே தேவை என்றால், அதை அப்படியே எழுதட்டும்.

“ஒரு வரி பாராட்டினால் என்ன குறைந்துவிடும்?” என்று என்னுடன் பணிபுரியும் நண்பர் கேட்டார். நேர்காணலில் அவள் சொன்ன ஏதாவது ஒன்று உண்மையாகவே நன்றாக இருந்திருந்தால், அதைக் குறிப்பிட்டுப் பாராட்டலாம். ‘திறமையும் உற்சாகமும் கவர்ந்தன’ என்பதை எவருக்கும் அனுப்பலாம். நான் அந்த நேர்காணலில் இல்லை. ஆகவே, என் கடிதத்தில் பாராட்டு இல்லை.

திருத்திய கடிதத்தை அக்காள் மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“இது வந்திருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன், சித்தி. ஆனால், மறுநாளே ரொட்டிக் கடைக்குப் போயிருப்பேன்,” என்றாள்.