மாற்று வினாத்தாள் சமமானதுதானா?

போட்டித் தேர்வு ஒன்றின் வினாத்தாள் கசிந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், 'மாற்று வினாத்தாள் ஒன்றைத் தயாராக வைத்திருக்கக் கூடாதா?' என்ற கேள்வி எழுகிறது. 2024-ஆம் ஆண்டின் நீட் தேர்வைப் பொருத்தவரை இந்தக் கேள்விக்கான விடை பலருக்கு வியப்பளிக்கக் கூடும். மாற்று வினாத்தாள் தயாராகவே இருந்தது. ஒரு வினாத்தாள் தொகுப்பு பாரத ஸ்டேட் வங்கியிலும், மற்றொன்று கனரா வங்கியிலும் முன்கூட்டியே பாதுகாக்கப்பட்டிருந்தன. எந்த வங்கியின் தாளைப் பயன்படுத்துவது என்பது தேர்வையொட்டித் தெரிவிக்கப்படும் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால், அந்த ஏற்பாடு இரண்டு வகையில் பயனற்றுப் போனது. மே 5-ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு தொடங்கியது. அன்று காலையே ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் ஒரு மையத்துக்கு வந்த பெட்டி திறக்கப்பட்டு, வினாத்தாள் களவு போனது என்பது பின்னர் மத்திய புலனாய்வுத் துறை விசாரணையில் தெரியவந்தது. கசிவுக்கும் தேர்வுக்கும் இடையே சில மணி நேரம் இருந்தும், கசிந்தது என்பதே உரியவர்களுக்குத் தெரியாததால் மாற்றுத் தாள் வங்கியிலேயே உறங்கியது. மறுபுறம், கசிவே இல்லாத சில மையங்களில் கனரா வங்கித் தாள் தவறுதலாக மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. அவற்றில் சில மையங்களில் பாதியில் தாள் மாற்றப்பட்டது. வேறு சில மையங்களில் மாணவர்கள் அந்தத் தாளையே எழுதி முடித்தனர். உச்சநீதிமன்றம் தனது தீர்ப்பில் சுட்டிக்காட்டிய குறைகளுள் இதுவும் ஒன்று.

பாதுகாப்பு மீறல் குறித்து நிறைய விவாதித்துவிட்டோம். நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. கனரா வங்கித் தாளை எழுதி முடித்தவர்களும், ஸ்டேட் வங்கித் தாளை எழுதிய லட்சக்கணக்கானோரும் ஒரே தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றனர். அந்த இரு தாள்களும் சம அளவு கடினமானவை என்பதற்கு என்ன சான்று? ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் ஆயிரக்கணக்கான இடங்கள் முன்பின்னாகும் தேர்வில், 'இரண்டும் ஒரே பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை' என்ற சமாதானம் போதாது.

ஏன் போதாது என்பதற்கு அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் முடிவுகளே சாட்சி. 2024-இல் திருத்தப்பட்ட முடிவுகளின்படி 17 பேர் 720-க்கு 720 பெற்றனர். 2025-இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப்பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-ஆகக் குறைந்தது. விருப்ப வினாக்கள் நீக்கப்பட்டதும், தேர்வு நேரம் 200 நிமிடங்களிலிருந்து 180 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டதும் இதற்கு ஓரளவு காரணம். என்றாலும், அந்த ஆண்டின் இயற்பியல் பகுதி கடுமையாக இருந்ததாக மாணவர்களும் ஆசிரியர்களும் ஒருமித்துக் கூறினர். அதே முகமை, அதே தேர்வு. ஆனாலும், நடுவில் நிற்கும் மாணவருக்கு ஏற்பட்ட சரிவு 18 மதிப்பெண். உச்சியில் ஏற்பட்ட சரிவு 34. அதாவது, ஒரு தாளின் கடினத்தன்மை எல்லா மாணவர்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இரு தாள்களின் சராசரி மதிப்பெண் சமமாக இருந்தாலும், மேல்வரிசை மாணவர்களுக்கு அவை சமமாக இல்லாமல் போகலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களில் பணியாற்றியவன் என்ற முறையில், சமத்துவம் எங்கே நழுவுகிறது என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படும் பந்து எட்டும் உயரம் என்ன என்பது முதன்மைத் தாளின் வினா. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், வேகத்தின் வர்க்கமான 400-ஐ 20-ஆல் வகுத்தால் விடை 20 மீட்டர். மாற்றுத் தாளில் வேகம் 30 என்று இருந்தால் விடை 45 மீட்டர், இரண்டும் சமமே. ஆனால் வேகம் 17 என்றும், முடுக்கம் 9.8 என்றும் கொடுக்கப்பட்டால், 289-ஐ 19.6-ஆல் வகுக்க வேண்டும். பாடம் அதேதான், சூத்திரம் அதேதான். புளூபிரிண்ட் எனப்படும் வினாத்தாள் திட்டத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் குறிக்கப்படும். ஆனால், கணிப்பான் இல்லாத தேர்வறையில் இரண்டாவது வினா மாணவரிடமிருந்து கூடுதலாக ஒரு நிமிடத்தைப் பறித்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான வேறுபாடு விடைத்தெரிவுகளில் ஒளிந்திருக்கிறது. முதல் வினாவில் இரண்டால் வகுக்க மறந்த மாணவருக்கு 40 மீட்டர் என்ற விடை கிடைக்கும். நான்கு தெரிவுகளில் 40 இருந்தால் அவர் ஐயமின்றி அதைக் குறித்துவிட்டு நகர்வார். நான்கு மதிப்பெண் போவதோடு, தவறான விடைக்காக ஒரு மதிப்பெண்ணையும் இழப்பார். தெரிவுகளில் 40 இல்லாவிட்டால், எங்கோ பிழை என்று உணர்ந்து திரும்பக் கணக்கிடுவார். வினா ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் கடினம் மாறிவிட்டது. இத்தகைய சிறு வேறுபாடுகள் 180 வினாக்களில் ஒரே திசையில் சேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் அவை ஒரே திசையில் சேர்வதற்கு ஒரு காரணமும் உண்டு. 'இது முதன்மைத் தாள், இது மாற்றுத் தாள்' என்று வினா தயாரிப்போருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டால், சிறந்த வினாக்கள் முதன்மைத் தாளுக்குப் போகின்றன. எஞ்சியவை, அவசரத்தில் எழுதப்பட்டவை, ஒரே ஒருவர் மட்டும் சரிபார்த்தவை எல்லாம் மாற்றுத் தாளில் குவிகின்றன. பெரும்பாலும் பயன்படாது என்று நம்பப்படும் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் கவனம் அவ்வளவுதான். ஆகவே, மாற்றுத் தாள் என்று ஒன்றைத் தனியே தயாரிக்கவே கூடாது என்பது என் கருத்து.

180 வினாக்கள் தேவையென்றால் 180 இணைகளை எழுத வேண்டும். ஒவ்வோர் இணையிலும் பாடப்பகுதி, தேவைப்படும் படிகளின் எண்ணிக்கை, கணக்கீட்டின் சுமை, தவறான தெரிவுகளின் தன்மை ஆகியவை ஒத்திருக்க வேண்டும். வினாவை எழுதாத வேறு ஆசிரியர்கள் இணைகளை அருகருகே வைத்து, எது கடினம் என்று தனித்தனியே கூற வேண்டும். ஒரு வினாவை மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் சரியாகச் செய்வர் என்று மதிப்பிடுவதில் அனுபவம் மிக்க ஆசிரியர்களும் தடுமாறுவார்கள். ஆனால், இரண்டில் எது கடினம் என்பதைச் சொல்வதில் அவ்வளவாகத் தவற மாட்டார்கள். பெரும்பான்மையோர் ஒன்றையே கடினம் என்று சுட்டினால் அந்த இணையைத் திருத்த வேண்டும். பிறகு, ஒவ்வோர் இணையிலும் எந்த வினா எந்தத் தாளுக்குச் செல்லும் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம். இறுதியில் இரு தாள்களில் எது முதன்மை என்பதையும் குலுக்கலே முடிவு செய்யட்டும். அப்போது, தெரிந்தோ தெரியாமலோ ஒரு தாளைப் பலவீனமாக்க எவராலும் முடியாது.

மொழிபெயர்ப்பும் இதில் அடங்கும். நீட் தேர்வு 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அதைப் பின்னர் உச்சநீதிமன்றம் ரத்து செய்ததும் நினைவிருக்கலாம். முதன்மைத் தாளிலேயே இத்தகைய சர்ச்சை எழுமானால், இரண்டாம் நிலையில் வைக்கப்படும் மாற்றுத் தாளின் மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு அக்கறை கிடைக்கும்? ஆங்கிலத்தில் சமமான இரு தாள்கள் தமிழில் சமமற்றுப் போனால், அந்த இழப்பு தமிழில் எழுதும் மாணவருக்கு மட்டுமே நேர்கிறது.

இவ்வளவு செய்தாலும் முழுச் சமத்துவம் கிட்டாது. உண்மையான மாணவர்களிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தால் துல்லியமாக அறியலாம். ஆனால், அந்த முன்னோட்டமே கசிவுக்கு வழி திறந்துவிடும். ஆகவே, எஞ்சியிருக்கும் வேறுபாடு மாணவர்களைப் பாதிக்காதபடி மாற்றுத் தாளைப் பயன்படுத்தும் முறை அமைய வேண்டும். அந்த முறை எளிது: மாற்றினால் அனைவருக்கும் மாற்ற வேண்டும்; இல்லையேல் ஒருவருக்கும் மாற்றக் கூடாது.

2003-இல் சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு முன்பு சிச்சுவான் மாகாணத்தில் வினாத்தாள்கள் திருடப்பட்டன. அதையடுத்து மாற்றுத் தாள் பயன்படுத்தப்பட்டது. அந்த ஆண்டின் கணிதத் தேர்வு மிகக் கடினமானது என்று இன்றும் அங்கே பேசப்படுகிறது. மாணவர்கள் கலங்கினார்கள் என்பது உண்மை. ஆனால், அருகருகே போட்டியிட்டவர்கள் அனைவரும் அதே கடினத்தை எதிர்கொண்டதால் அவர்களிடையே தரவரிசை குலையவில்லை. மாறாக, சில மையங்களில் மட்டும் வேறு தாள் வழங்கப்பட்டால், மதிப்பெண்களைச் சமன்செய்யும் புள்ளியியல் முறைகளும் அங்கே கைகொடுப்பதில்லை. ஒவ்வோர் அமர்விலும் எழுதுவோர் ஏறத்தாழ ஒரே தரத்தினர் என்ற அனுமானத்தின் மீதே அந்த முறைகள் நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஊரின் மாணவர்களுக்கு அந்த அனுமானம் பொருந்தாது. எனவே, ஓரிடத்தில் மட்டும் கசிவு என்று உறுதியானாலும், தேர்வு தொடங்கும் முன்பாயின் நாடு முழுவதும் தாளை மாற்றுவதே நியாயம்.

அதற்கு, முடிவெடுக்கும் கடைசி நேரம் முன்பே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் வங்கியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள மையத்துக்குப் பெட்டி சென்றுசேர மூன்று மணி நேரம் ஆகுமென்றால், 2 மணித் தேர்வுக்கு 11 மணியே எல்லை. அதுவரை அந்த வங்கியில் பொறுப்பாளர் காத்திருக்க வேண்டும். ஆனால், உத்தரவின்றி ஒரு பெட்டியும் வெளியேறக் கூடாது. சமூக ஊடகங்களில் விலைபேசப்படும் தாள்களில் பல போலியானவை. ஒவ்வொரு வதந்திக்கும் தாளை மாற்றத் தொடங்கினால் மாற்றுத் தாள் வீணாகிவிடும். ஆகவே, இரு தாள்களையும் அறிந்த ஒரு சிறு குழு, வெளித்தொடர்பின்றி, தேர்வு தொடங்கும் வரை தலைமையகத்தில் இருக்க வேண்டும். பரவும் படத்தை அவர்களிடம் காட்டினால், அது உண்மையா, பொய்யா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இரண்டு பெட்டிகளை இரண்டு வங்கிகளில் வைப்பது மாற்று ஏற்பாட்டின் எளிய பாதி மட்டுமே. அவற்றில் உள்ள தாள்கள் எவ்வாறு சமமாக்கப்பட்டன, எந்த நேரம் வரை, யார் முடிவெடுப்பார் என்பதே கடினமான மறுபாதி. அந்த நடைமுறையைத் தேர்வுக்கு முன்பே தேசியத் தேர்வு முகமை பொதுவெளியில் வெளியிட வேண்டும். வினாக்கள் ரகசியமாக இருக்கட்டும். விதிகள் ரகசியமாக இருக்கத் தேவையில்லை.