கடையின் பக்கத்தில் இல்லாத சொல் எது?

பலேர்மோ துறைமுகத்தில் இருந்து நாப்போலிக்குக் கப்பலில் போகிறவர்கள் லைஃப் ஜக்கெட் வாங்கத் தேவையில்லை, கப்பலிலேயே இருக்கும். ஆனால் லா காலாவில் நிற்கிற சின்னப் படகில் பிள்ளையை ஏற்றப் போகிறோம், மொண்டெல்லோவில் கடலில் இறக்கப் போகிறோம் என்றால், கோடை தொடங்க முன்னம் ஒன்லைனில் ஒன்று தேடுவோம். 4.7 நட்சத்திரம், 20 யூரோ, நூற்றுக்கணக்கில் ரிவியூ. நெருங்கிய குடும்பம் ஒன்று போன மாதம் இப்படி ஒரு லிங்கை அனுப்பி, "இதை நம்பி வாங்கலாமோ?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தை வைத்தே இந்த முறை கதைப்போம். கம்பனியின் பெயர் நமக்கு முக்கியமில்லை.

முதலில் இரண்டு ரிவியூ. இத்தாலிய மொழியில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"என் மகளுக்கு வாங்கினேன், எதிர்பார்ப்பை விட நன்றாக இருக்கிறது. மிகவும் இலகுவானது, அணிவதற்கு வசதியானது. கடலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு கட்டாயம் பரிந்துரைக்கிறேன்."

"என் பேரனுக்கு வாங்கினேன், எதிர்பார்ப்பை விட நன்றாக இருக்கிறது. நிறம் அழகு, அணிவதற்கு வசதியானது. கடலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு கட்டாயம் பரிந்துரைக்கிறேன்."

தனித்தனியாக வாசித்தால் ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். மென்பொருளில் இதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு ரிவியூவையும் அடுத்தடுத்த மூன்று சொற்களாக வெட்டுங்கள்: "என் மகளுக்கு வாங்கினேன்", "மகளுக்கு வாங்கினேன் எதிர்பார்ப்பை", இப்படியே கடைசி வரை. இரண்டிலும் 16 சொல், ஆகவே 14 துண்டு. இரண்டுக்கும் பொதுவான துண்டு 8. மொத்தமாக வேறுவேறான துண்டு 20. 8ஐ 20ஆல் பிரித்தால் 40 விழுக்காடு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் தங்கள் பாட்டில் எழுதினால், "நல்ல பொருள்", "சீக்கிரம் வந்தது" போன்ற வழக்கமான சொற்கள்தான் ஒத்துப்போகும். மூன்று சொல் வரிசை எட்டு இடத்தில் ஒத்துப்போவது அபூர்வம்.

வீட்டில் இதற்குக் கணக்குப் போடத் தேவையில்லை. கொஞ்சம் விசித்திரமான ஒரு சொற்தொடரை எடுத்து, Ctrl+F அழுத்தி அதே பக்கத்தில் தேடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பல கடைகள் வேறு நாட்டு ரிவியூக்களைத் தானாக மொழிபெயர்த்துக் காட்டும். மொழிபெயர்ப்பு எல்லாரையும் ஒரே குரலில் பேச வைத்துவிடும். ஆகவே மூலமொழியைக் காட்டும் பொத்தானை அழுத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

ஆனால் இந்த வழி பழைய கள்ளனைத்தான் நன்றாகப் பிடிக்கும். 2023இல் கடைப் பக்கங்களில் "As an AI language model" என்று தொடங்கும் ரிவியூக்களே வெளிவந்தன. எழுதிக் கொடுத்த மென்பொருளின் மறுப்பு வாசகத்தைக்கூட நீக்காமல் ஒட்டியிருந்தார்கள். இப்போது அவ்வளவு கவனக்குறைவு குறைவு, சொற்களையும் மாற்றி மாற்றித் தருவார்கள். அதனால் இரண்டாவது சோதனைதான் எனக்குப் பெரிது: இந்த ரிவியூவில், கடையின் சொந்த விளக்கத்தில் இல்லாத விஷயம் ஏதாவது இருக்கிறதா?

காரணம் லேசானது. எழுதும் இயந்திரத்துக்குக் கிடைப்பது பொருளின் பெயரும் விளக்கமும்தான். அது ஜக்கெட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. "இலகுவானது, வசதியானது, நிறம் அழகு" எல்லாம் விளக்கத்திலேயே இருந்தவை. எஞ்சியது மகள், பேரன் என்ற உறவுப் பெயர் மட்டும்.

இதைக் காசுக்கு எழுதிய மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோவின் 20 ஹோட்டல்களுக்கு 400 உண்மை ரிவியூவும், கூலிக்கு எழுதுவித்த 400 பொய் ரிவியூவும் சேர்த்து ஒப்பிட்டார்கள். உண்மையானவற்றில் குளியலறை, மாடி, சிறியது என்று இடம் பற்றிய சொற்கள் கூட. பொய்யானவற்றில் கணவர், விடுமுறை, வேலைப் பயணம் என்று யாரோடு, எதற்கு வந்தோம் என்பது கூட. போகாத அறையின் அளவு தெரியாது, ஆனால் கணவரை எவரும் கற்பனை செய்யலாம். ரிவியூக்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன மூன்று மாணவர்களில் ஒருவரும் 62 விழுக்காட்டைத் தாண்டவில்லை, சொற்களை எண்ணிய மென்பொருள் கிட்டத்தட்ட 90ஐத் தொட்டது. "வாசிச்சாலே தெரிஞ்சிடும்" என்ற நம்பிக்கை எங்களுக்கு வேண்டாம்.

இனி அதே பக்கத்தில் இருந்த மூன்றாவது ரிவியூ, மூன்று நட்சத்திரம்:

"5 வயது, 18 கிலோ. தண்ணீரில் இறங்கியதும் நாடிவரை மேலே ஏறிவிட்டது. காலுக்கிடையே போகும் பட்டியை இறுக்கிய பிறகு சரி. ஈரக்கையால் பக்கிளைக் கழற்ற முடியவில்லை."

பென்சிலால் கோடு போட்டால், நான்கு விஷயம் கடையின் விளக்கத்தில் இல்லை: பிள்ளையின் நிறை, மேலே ஏறியது, பட்டி இறுக்கியதும் மாறியது, பக்கிள். மேலே இருந்த இரண்டுக்கும் கோடு பூச்சியம். நாங்கள் அறிய விரும்பியதும் இதுதான். தண்ணீரில் ஜக்கெட் மேலே ஏறினால் பிள்ளையின் வாய் உள்ளே போகும்.

இதற்கும் எல்லை உண்டு. "நல்லது, நன்றி" என்று இரண்டு சொல் எழுதும் அப்பாவி மனிதர் பொய்யர் இல்லை. நுணுக்கம் இல்லாததை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த ரிவியூவை எண்ணாமல் விடலாம். மறுபக்கம், இயந்திரத்திடம் "18 கிலோ என்று போடு" என்றால் போடும். அப்போது நுணுக்கத்தைப் படத்தோடு பொருத்துங்கள்: முன்பக்கம் சிப் இல்லாத ஜக்கெட்டுக்கு "சிப் லேசாக மூடுகிறது" என்று எழுதியிருந்தால் பிடிபட்டது. சில வேளை கடைக்காரர் பழைய பொருளின் பக்கத்திலேயே புதிய பொருளை ஏற்றுவதும் உண்டு, அப்போது உண்மையான ரிவியூவே வேறொரு பொருளைப் பேசும்.

சட்டமும் எங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஹோட்டல்களுக்குப் பொய் ரிவியூ எழுதி விற்ற ஒருவருக்கு 2018இல் லெச்சே நீதிமன்றம் 9 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2023இல் இத்தாலியின் நுகர்வோர் சட்டம் ஐரோப்பிய விதிப்படி திருத்தப்பட்டது: ரிவியூ எழுதியவர் உண்மையில் வாங்கியவர்தானா என்று கடை எப்படிச் சரிபார்க்கிறது, அல்லது சரிபார்ப்பதே இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பைப் பக்கத்தில் தேடுங்கள். சந்தேகம் வலுத்தால் இத்தாலியப் போட்டி ஆணையமான ஏஜிசிஎம்முக்கு முறையிடலாம்.

அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன பதில் இது: நட்சத்திரத்தை மறந்துவிட்டு, கோடு விழுந்த ரிவியூக்களை மட்டும் வாசியுங்கள். அதற்குப் பிறகு லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். EN ISO 12402-5, அதாவது 50 நியூட்டன் தரம் என்றால் அது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு. மயங்கினவரின் முகத்தை மேலே திருப்பும் என்ற உறுதி அதில் இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றுவதென்றால் EN ISO 12402-4, 100 நியூட்டன் தரத்தில் இருந்து தொடங்குங்கள், நிறை எல்லையும் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். EN 13138 என்றிருந்தால் அது நீச்சல் பழகும் சாமான், படகுக்கு இல்லை. அந்தப் பக்கத்து ஜக்கெட்டில் 13138 என்றுதான் இருந்தது. நூற்றுக்கணக்கான ரிவியூவில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.