டாலரில் லாபம், ரிங்கிட்டில் நட்டம்

வெளிநாட்டு முதலீட்டில் லாபம் என்று கணக்கு அறிக்கை காட்டினாலும், மலேசியர் கைக்கு வரும் பணம் போட்டதைவிடக் குறைந்திருக்கலாம். 2024ஆம் ஆண்டு அதைக் காட்டியது.

அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டாக இருந்தது. 1998 நிதி நெருக்கடிக்குப் பின் ரிங்கிட் கண்ட மிகத் தாழ்ந்த நிலை அது. செப்டம்பர் இறுதியில் ரிங்கிட் வலுப்பெற்று, டாலர் சுமார் 4.12க்கு இறங்கியது.

பிப்ரவரியில் ஒருவர் 48,000 ரிங்கிட்டை மாற்றி, 10,000 டாலருக்குப் பங்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பங்கு 10 விழுக்காடு ஏறி, செப்டம்பரில் 11,000 டாலரானது. விற்று மாற்றினால் கிடைப்பது 45,320 ரிங்கிட். அதாவது 2,680 ரிங்கிட் நட்டம்; 5.6 விழுக்காடு.

டாலர் சரிந்தது சுமார் 14.2 விழுக்காடு. பத்தைக் கழித்தால் நட்டம் 4.2 என்றுதானே வரவேண்டும்? அங்கேதான் பலர் தவறுகிறார்கள். டாலரின் சரிவு முதலை மட்டுமல்ல, ஈட்டிய 1,000 டாலரையும் குறைக்கிறது. எனவே இரண்டையும் பெருக்க வேண்டும்: 1.10 × (4.12 ÷ 4.80) = 0.944.

இந்தச் சரிவில் போட்ட முதலை மீட்கவே பங்கு 16.5 விழுக்காடு ஏறியிருக்க வேண்டும். வங்கி நாணய மாற்றில் எடுக்கும் வித்தியாசம் இதில் சேரவில்லை.

ஆகவே, அறிக்கையில் உள்ள விழுக்காடு எந்த நாணயத்தில் கணக்கிடப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ரிங்கிட் மீண்டும் தளர்ந்தால் இதே கணக்கு முதலீட்டாளருக்குச் சாதகமாகத் திரும்பும்.